விளம்பர மடலுக்கு ஒரு தனி வாசல்

ஒருவர் இணையக் கடை ஒன்றில் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார். "மறந்துவிட்டேன்" என்ற பொத்தானை அழுத்துகிறார். புதுச் சொல்லை அமைக்கும் சுட்டி மின்மடலில் வரும், பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள் என்று திரை சொல்கிறது. அவர் காத்திருக்கிறார். மடல் நாற்பது நிமிடம் கழித்து வருகிறது. அதற்குள் சுட்டி காலாவதியாகிவிட்டது. மறுபடி அழுத்துகிறார், இந்த முறை மடல் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுகிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது. கடைக்காரரின் சர்வர் பழுது என்று நினைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

சர்வரில் பழுது எதுவும் இல்லை. மடலை அனுப்பும் நிரலிலும் பிழை இல்லை. முந்தாநாள் அதே கடை தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் "பாதி விலை" என்று ஒரு மடல் அனுப்பியது. அதைப் பெற்றவர்களில் கொஞ்சம் பேர் எரிச்சலில் "இது ஸ்பாம்" என்ற பொத்தானை அழுத்தினார்கள். அந்தக் கோபத்துக்கான தண்டனையைத்தான் கடவுச்சொல் மடல் அனுபவிக்கிறது. பன்றியோடு சேர்ந்த கன்றின் கதைதான்.

இந்தச் சேர்க்கையைப் பிரித்து வைக்க வழி இருக்கிறது. விளம்பர மடலை ஒரு சப்டொமைனிலிருந்தும், ரசீது, ஓடிபி, கடவுச்சொல் போன்ற மடல்களை இன்னொரு சப்டொமைனிலிருந்தும் அனுப்புவது. பலரும் அறிந்த யோசனைதான். ஆனால் இதைச் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் பலர் பாதிதான் செய்திருக்கிறார்கள். வேறு சிலர் இது எதற்குப் பயன்படாதோ அதற்குப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

யார் பெயரில் கணக்கு?

ஜிமெயில், யாகூ, அவுட்லுக் போன்ற பெரிய அஞ்சல் நிறுவனங்கள் மடல் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பற்று வரவுக் கணக்கு வைத்திருக்கின்றன. மடலைத் திறந்து படித்தார்களா, பதில் எழுதினார்களா, ஸ்பாம் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்களா என்பதெல்லாம் வரவு. புகார், இல்லாத முகவரிக்கு அனுப்புவது, படிக்காமலே அழிக்கப்படுவது எல்லாம் பற்று. இந்தக் கணக்கின் மிச்சத்தைத்தான் அனுப்புநரின் நற்பெயர் என்கிறார்கள்.

கணக்கு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. ஒரு காலத்தில் பெரும்பாலும் சர்வரின் ஐ.பி. முகவரியின் பெயரில் எழுதப்பட்டது. இன்றும் ஐ.பி. முகவரி பார்க்கப்படுகிறது. ஆனால் ஒரே ஐ.பி.யிலிருந்து நூறு நிறுவனங்கள் அனுப்பும் காலம் இது. அதனால் கணக்கின் பெரும்பகுதி டொமைன் பெயருக்கு மாறிவிட்டது. டொமைன் பெயரை யார் வேண்டுமானாலும் பொய்யாகப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்குத்தான் டி.கே.ஐ.எம். என்ற கையொப்ப முறை. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மடலிலும் ஒரு மறைகுறிக் கையொப்பம் இடுகிறது. அந்தக் கையொப்பத்துக்குள் `d=` என்று ஒரு இடம். அங்கே எந்த டொமைன் எழுதியிருக்கிறதோ, அது "இந்த மடலுக்கு நான் பொறுப்பு" என்று சொல்கிறது. சொல்வது உண்மைதானா என்று பெறுபவர் அந்த டொமைனின் டி.என்.எஸ். பதிவைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் தலையில்தான் பழியும் விழும். ஜிமெயில் ஒரு அனுப்புநர் மீது சந்தேகம் கொண்டால் `421 4.7.28` என்ற எண்ணோடு மடலைத் தற்காலிகமாகத் திருப்பும். அந்தப் பதிலில் ஐ.பி. முகவரியைக் குற்றம் சொல்லும் வகையும் உண்டு, டி.கே.ஐ.எம். டொமைனைக் குற்றம் சொல்லும் வகையும் உண்டு. "இந்த டி.கே.ஐ.எம். டொமைனிலிருந்து வேண்டாத மடல்கள் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வருகின்றன, எனவே வேகத்தைக் குறைக்கிறோம்" என்பது அதன் சாரம். தற்காலிக மறுப்பு என்பதால் அனுப்பும் சர்வர் மடலை வரிசையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும். விளம்பர மடல் ஒரு மணி நேரம் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை. கடவுச்சொல் மடல் தாமதமானால் அது செத்த மடல். முதல் பத்தியில் வந்த நாற்பது நிமிடத்துக்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு புத்தகக் கடை என்று வைத்துக்கொள்வோம். டொமைன் `example.com`. தினமும் ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் ரசீது, ஓடிபி, அனுப்பீட்டுத் தகவல் என்று 1,000 மடல்கள் போகின்றன. கடை ஊழியர்கள் கையால் எழுதும் மடல்கள் 100. மாதம் ஒருமுறை 20,000 ஜிமெயில் வாசகர்களுக்குப் புதுப் புத்தகச் செய்திமடல். அந்தப் பட்டியலில் மூன்று நான்கு வருடத்துக்கு முன் ஒரே ஒரு புத்தகம் வாங்கிவிட்டுக் கடையையே மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு மாதம் செய்திமடலைப் பெற்றவர்களில் 80 பேர் ஸ்பாம் பொத்தானை அழுத்துகிறார்கள். இருபதாயிரத்தில் எண்பது, கேட்கச் சின்ன எண். ஆனால் அது 0.40 சதவீதம். ஜிமெயில் தன் மொத்த அனுப்புநர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்தும் விதிகளின்படி புகார் விகிதம் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30 சதவீதத்தைத் தொடவே கூடாது. அந்த எல்லையைத் தாண்டியவர் நிவாரணம் கேட்டு ஜிமெயிலிடம் முறையிடவும் முடியாது. தொடர்ந்து ஏழு நாள் 0.30-க்குக் கீழே இருந்து காட்டிய பிறகுதான் அந்தத் தகுதி திரும்பும்.

எல்லா மடலும் `example.com` பெயரிலேயே போயிருந்தால் அன்றைய கணக்கு என்ன? மொத்தம் 21,100 மடல், 80 புகார், 0.38 சதவீதம். யார் மீதும் புகார் வராத ஓடிபியும், ஆசிரியர் ஒருவருக்கு ஊழியர் எழுதிய தனிமடலும், அச்சகத்துக்கு அனுப்பிய ஆர்டரும் இந்த 0.38-ஐச் சுமக்கின்றன.

பிரித்திருந்தால்? செய்திமடலின் பெயரில் 0.40 சதவீதம். ரசீது, ஓடிபியின் பெயரில் சுழி. ஊழியர் மடலின் பெயரில் சுழி. தவறு செய்த கணக்கு தனியாகத் தெரிகிறது, தண்டனையின் பெரும்பகுதியும் அங்கேயே நிற்கிறது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "ரசீதையும் ஓடிபியையும் எல்லோரும் திறந்து படிக்கிறார்கள். அந்த நல்ல பெயரோடு செய்திமடலும் ஒட்டிக்கொண்டால் அதற்கும் லாபம்தானே? ஏன் பிரிக்க வேண்டும்?" மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம். ஆனால் மேலே உள்ள எண்ணைப் பாருங்கள். ஆயிரத்து நூறு நல்ல மடல் சேர்ந்து 0.40-ஐ 0.38 ஆக்கியது, அவ்வளவுதான். விளம்பர மடல் எப்போதும் மொத்தமாகப் போகும், அவசிய மடல் சிறு துளியாகப் போகும். துளி வெள்ளத்தைச் சுத்தம் செய்யாது, வெள்ளம் துளியை அடித்துக்கொண்டு போகும். தவிர இழப்பும் சமமானதல்ல. ஒரு செய்திமடல் போய்ச் சேராவிட்டால் சில விற்பனை குறையும். ஓடிபி போய்ச் சேராவிட்டால் ஏற்கெனவே பணம் கொடுத்த வாடிக்கையாளர் தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாது. சிறு லாபத்துக்காகப் பெரிய நட்டத்தைப் பணயம் வைப்பது வியாபாரமாகாது.

மூன்று வாசல்கள்

ஆக, புத்தகக் கடை செய்ய வேண்டியது இது. மனிதர் மனிதருக்கு எழுதும் மடல் `example.com` பெயரிலேயே இருக்கட்டும். இயந்திரம் ஒரு தனிநபரின் செயலுக்குப் பதிலாக அனுப்பும் மடல், அதாவது ரசீது, ஓடிபி, கடவுச்சொல், `notify.example.com` பெயரில் போகட்டும். ஒரே மடல் பலருக்குப் போகும் செய்திமடலும் விளம்பரமும் `news.example.com` பெயரில் போகட்டும்.

ஓடிபி நல்ல மடல்தானே, அதை ஏன் முதன்மை டொமைனிலிருந்து விலக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல மடலுக்கும் விபத்து நடக்கும். பதிவுப் படிவத்தில் யாரோ ஒருவர் நிரல் எழுதி ஆயிரக்கணக்கான அந்நியர் முகவரிகளை நிரப்பினால், கடையின் சர்வர் அத்தனை பேருக்கும் கேட்காத "உறுதிப்படுத்துங்கள்" மடலை அனுப்பும். புகார் கடை மீது வரும். அன்றைக்குக் கடை முதலாளி வங்கிக்கு எழுதும் மடலாவது ஒழுங்காகப் போக வேண்டாமா? மூன்றாகப் பிரிக்க வசதி இல்லையென்றால் முதலில் வெளியேற்ற வேண்டியது செய்திமடலை. அதுதான் தீப்பிடிக்கும் கூரை.

பிரித்த பிறகு கலப்படம் செய்யாமல் இருப்பது இன்னொரு ஒழுக்கம். ரசீதின் அடியில் "இதையும் வாங்குங்கள்" என்று எட்டுப் புத்தகப் படங்களைச் செருகும் ஆசை விற்பனைப் பிரிவுக்கு எப்போதும் இருக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் `notify` வாசலிலும் மெல்ல மெல்லப் புகார் விழ ஆரம்பிக்கும். பெயரில் மட்டும் ரசீதாக இருக்கும் விளம்பரத்தைப் பெறுபவர் விளம்பரமாகவே நடத்துவார்.

முகவரி மாறியது, கையொப்பம் மாறவில்லை

பாதி வேலை என்று மேலே சொன்னது இங்கேதான். பலர் செய்வது இது: செய்திமடல் மென்பொருளைத் திறந்து, அனுப்புநர் முகவரியில் `offers@example.com` என்று இருந்ததை `offers@news.example.com` என்று மாற்றிவிட்டு, பிரித்தாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். பெறுபவர் கண்ணுக்கும் புது முகவரிதான் தெரியும். ஆனால் மடலின் தலைப்பு வரிகளைத் திறந்து பார்த்தால் இப்படி இருக்கும்:

```
From: Books <offers@news.example.com>
Return-Path: <b-7781@example.com>
DKIM-Signature: v=1; a=rsa-sha256; d=example.com; s=k1; ...
```

மேலே உள்ள பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. கையொப்பம் போட்டவர் பழைய `example.com`-தான். திரும்பி வரும் மடல்கள் போய்ச் சேரும் முகவரியும் பழையதுதான். அதாவது பொறுப்பை ஏற்பவர் இன்னமும் முதன்மை டொமைன். 80 புகாரும் அந்தக் கணக்கிலும் எழுதப்படும்.

இது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? டிமார்க் என்ற சோதனை இதைத் தடுக்காமல் விடுவதுதான் காரணம். அனுப்புநர் முகவரியின் டொமைனும் கையொப்பத்தின் டொமைனும் பொருந்துகின்றனவா என்று டிமார்க் பார்க்கும். ஆனால் அதன் இயல்பு அமைப்பு தளர்வானது. இரண்டும் ஒரே முதன்மை டொமைனின் குடும்பமாக இருந்தால் போதும் என்று `dmarc=pass` போட்டுவிடும். டிமார்க்கைக் குறை சொல்ல முடியாது, ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. நற்பெயரைப் பிரித்து வைப்பது அதன் வேலை இல்லை. எல்லாச் சோதனையும் பச்சை விளக்கு காட்டும், பிரிவினை மட்டும் நடந்திருக்காது.

சரியாகப் பிரித்த மடல் இப்படி இருக்கும்:

```
From: Books <offers@news.example.com>
Return-Path: <b-7781@news.example.com>
DKIM-Signature: v=1; a=rsa-sha256; d=news.example.com; s=n1; ...
```

மூன்று வரியிலும் ஒரே பெயர். சோதிப்பது எளிது. கடையின் செய்திமடல் ஒன்றையும் ரசீது ஒன்றையும் ஒரு ஜிமெயில் கணக்குக்கு அனுப்பி, "மூலத்தைக் காட்டு" என்பதை அழுத்தி, `d=` என்ற இடத்தைப் பார்த்தால் போதும். இரண்டு மடலிலும் `d=` ஒன்றாகவே இருந்தால் பிரிக்கவில்லை என்று அர்த்தம். வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்புபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தின் டொமைன் மட்டுமே `d=` இடத்தில் இருந்தால் கடைக்கென்று நற்பெயர் எதுவும் சேரவே இல்லை.

டி.என்.எஸ். பக்கம்

கையொப்பம் மாற வேண்டுமென்றால் சப்டொமைனுக்கென்று தனிச் சாவி வேண்டும். புத்தகக் கடைக்குத் தேவையான பதிவுகள் ஏறக்குறைய இவ்வளவுதான்:

```
notify.example.com.               TXT "v=spf1 ip4:192.0.2.10 -all"
s1._domainkey.notify.example.com. TXT "v=DKIM1; k=rsa; p=MIIB..."
news.example.com.                 TXT "v=spf1 ip4:192.0.2.20 -all"
n1._domainkey.news.example.com.   TXT "v=DKIM1; k=rsa; p=MIIB..."
_dmarc.example.com.               TXT "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவு தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்காது. `example.com`-க்கு இருக்கிறதே என்று விட்டுவிட்டால் `news.example.com`-க்கு எதுவும் இல்லை. டிமார்க் அப்படி அல்ல, சப்டொமைனுக்குத் தனிப் பதிவு இல்லாவிட்டால் முதன்மை டொமைனின் பதிவே அதற்கும் பொருந்தும். பதிவில் `sp=` என்று சேர்த்து சப்டொமைன்களுக்கு மட்டும் வேறு விதி வைக்கவும் முடியும். ஏற்கெனவே `p=reject` வைத்திருக்கும் கடை, புது சப்டொமைனில் கையொப்பம் சரியாக அமைவதற்கு முன்பே அனுப்ப ஆரம்பித்தால், சொந்த மடலையே நிராகரிக்கச் சொல்லி உலகுக்கு ஆணையிட்டதாகிவிடும்.

சப்டொமைன்களுக்கு மடல் பெறும் வசதி, அதாவது எம்.எக்ஸ். பதிவு, வைப்பதும் நல்லது. திரும்பி வரும் மடல்கள் அங்கேதான் வந்து சேரும். பதில் வாங்க முடியாத டொமைனிலிருந்து வரும் மடலைச் சில சர்வர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வாடிக்கையாளர் பதில் எழுதினால் கடை ஊழியருக்கே போக வேண்டுமென்றால் `Reply-To` வரியில் முதன்மை டொமைன் முகவரியைக் கொடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் அமைத்த அன்றே இருபதாயிரம் பேருக்கு அனுப்பினால் எல்லாம் பாழ். புது சப்டொமைனுக்கு வரலாறு இல்லை. நேற்று வரை பேச்சே இல்லாத ஒரு பெயர் இன்று இருபதாயிரம் மடலோடு வந்து நின்றால் எந்த வாயிற்காவலனும் கதவைத் திறக்க மாட்டான். அதனால் சமீபத்தில் மடலைத் திறந்து படித்த வாசகர்கள் 500 பேரிடம் தொடங்கி, சிக்கல் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டு போகலாம். 500, 1,000, 2,000, 4,000 என்று ஆறாவது தடவையில் 16,000-ஐத் தொட்டுவிடும். வழியில் `421` பதில்கள் கூடினால் அந்த எண்ணிலேயே சில நாள் நிற்க வேண்டும். ஓடிபி மடலை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றாமல், முதலில் அனுப்பீட்டுத் தகவல், பிறகு ரசீது, கடைசியாக ஓடிபி என்று மாற்றுவது பாதுகாப்பு.

பலன் தெரிகிறதா என்று பார்க்க கூகிளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் உதவும். அதில் ஒவ்வொரு சப்டொமைனையும் தனியாகச் சேர்த்துப் புகார் விகிதத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது இன்பாக்ஸுக்குப் போன மடல்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஸ்பாம் பெட்டிக்கே நேராகப் போன மடலை யாரும் ஸ்பாம் என்று அழுத்தப் போவதில்லை. எனவே நிலைமை மிக மோசமாகும்போது புகார் விகிதம் குறைந்து அழகாகத் தெரியும். புகார் விகிதமும் குறைகிறது, செய்திமடலிலிருந்து கடைக்கு வருபவர் எண்ணிக்கையும் சேர்ந்து விழுகிறது என்றால் அது குணமான அறிகுறி அல்ல.

சுவர் இருக்கிறது, கூரை ஒன்றுதான்

இதுவரை படித்தவர் ஒருவர் இப்படி நினைக்கக்கூடும்: "நல்லது. இனி செய்திமடலில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கும் அனுப்பலாம். கெட்டால் `news` கெடட்டும், அடுத்த மாதம் `news2` திறந்துகொள்ளலாம்." சப்டொமைனை முகமூடியாக நினைப்பவரின் பேச்சு இது. இந்த நினைப்பு பலிக்காது.

வடிகட்டிகளுக்கு `news.example.com`-ன் தாய் யார் என்று தெரியும். சப்டொமைனின் கணக்கு தனியாக இருந்தாலும் அதன் கறை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கூகிளின் விதியிலேயே இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புபவர் மொத்த அனுப்புநர். இந்த 5,000 முதன்மை டொமைன் வாரியாகத்தான் எண்ணப்படுகிறது. முதன்மை டொமைனிலிருந்து 2,500, சப்டொமைனிலிருந்து 2,500 என்று பிரித்து அனுப்பினாலும் கணக்கில் 5,000-தான். ஒருமுறை மொத்த அனுப்புநர் ஆகிவிட்டால் பிறகு குறைத்து அனுப்பினாலும் அந்தப் பெயர் போகாது. ஆக, சப்டொமைன் விதியிலிருந்து தப்பிக்கும் வழி அல்ல. செய்திமடலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி கட்டாயம் என்பதும் அதே விதிகளில் உண்டு, அதுவும் சப்டொமைனுக்குப் பொருந்தும்.

மடலின் உள்ளே இருக்கும் சுட்டிகள் இன்னொரு கசிவு. செய்திமடல் `news` பெயரில் போனாலும் உள்ளே உள்ள ஒவ்வொரு புத்தகச் சுட்டியும் `example.com`-க்குத்தான் போகிறது. ஸ்பாம்ஹாஸின் டி.பி.எல்., சர்பிள் போன்ற தடைப்பட்டியல்கள் மடலின் உடலில் வரும் டொமைன்களைப் பார்க்கக்கூடியவை. விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அனுப்பி அங்கே மாட்டிக்கொண்டால், எந்த வாசல் வழியாக அனுப்பினோம் என்ற வாதம் எடுபடாது. கடையின் பெயரே பட்டியலில் ஏறிவிடக்கூடும்.

அப்படியானால் சம்பந்தமே இல்லாத வேறு டொமைன் ஒன்றை, `example-offers.com` மாதிரி, வாங்கிக்கொள்ளலாமா? கறை மேலே ஏறாதுதான். ஆனால் அது வாடிக்கையாளரைத் தவறாகப் பழக்குகிறது. கடையின் பெயரைப் போலவே இருக்கும் ஏதோ ஒரு டொமைனிலிருந்து வரும் மடலையும் நம்பு என்று கடையே சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு மோசடிக்காரன் `example-refunds.com` வாங்கிக்கொண்டு வரும்போது வாடிக்கையாளர் எப்படி வேறுபடுத்துவார்? சப்டொமைனை உருவாக்க டொமைனின் சொந்தக்காரரால் மட்டுமே முடியும். உறவைக் காட்டிக்கொண்டே கணக்கைப் பிரிப்பதுதான் அதன் சிறப்பு. உறவை மறைக்கும் வழி எதுவும் அதற்கு ஈடாகாது.

திறந்த வாசலை யார் மூடுவது?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வாசல்களைப் பெருக்குவது சுலபம், மூடுவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் கார்டியோ லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு பெரிய மோசடியை வெளியிட்டது. "சப்டோமெயிலிங்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நற்பெயருள்ள டொமைன்களின் கைவிடப்பட்ட சப்டொமைன்களையும் பழைய எஸ்.பி.எஃப். பதிவுகளையும் பிடித்துக்கொண்டு மோசடிக்காரர்கள் அவற்றின் பெயரில் லட்சக்கணக்கில் மடல் அனுப்பியிருந்தார்கள்.

அதில் ஒரு உதாரணம் `marthastewart.msn.com`. என்றோ நடந்த ஒரு பரிசுப் போட்டிக்காக இந்த சப்டொமைன் வேறொரு டொமைனைச் சுட்டிக்காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. போட்டி முடிந்தது, அந்த வேறு டொமைனும் கைவிடப்பட்டது. சுட்டும் பதிவை மட்டும் யாரும் அழிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2022-ல், யாரோ அந்த அனாதை டொமைனைப் பதிவு செய்துகொண்டார்கள். அந்த நிமிடமே எம்.எஸ்.என். பெயரில், எஸ்.பி.எஃப். சோதனையில் தேறும் மடலை அனுப்பும் உரிமை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. பூட்டை உடைக்கவில்லை, கடவுச்சொல் திருடவில்லை. கிடந்த சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

புத்தகக் கடைக்கும் இது பொருந்தும். செய்திமடல் சேவையை மாற்றும் நாளில் பழைய சேவையைச் சுட்டும் பதிவுகளையும், பழைய எஸ்.பி.எஃப். அனுமதியையும், பழைய டி.கே.ஐ.எம். சாவியையும் அழிக்க வேண்டும். எந்த சப்டொமைன், எதற்காக, யார் பொறுப்பில் என்று மூன்று வரியில் ஒரு குறிப்பு வைத்திருந்தால் போதும். சில வருடம் கழித்து வரும் புது ஊழியர் "இது என்னவோ, தொட வேண்டாம்" என்று விட்டுவைக்க மாட்டார்.

சப்டொமைன் பிரிவினை மோசமான செய்திமடலை நல்ல செய்திமடலாக்காது. 80 பேர் ஏன் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கும். வருடக்கணக்கில் எந்த மடலையும் திறக்காதவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கும் வரை அந்த எண் குறையாது. பிரிவினை செய்வது ஒன்றுதான்: விற்பனைப் பிரிவு அந்த வேலையைச் செய்து முடிக்கும் வரை, ரசீதுக்கும் ஓடிபிக்கும் காத்திருக்கும் வாடிக்கையாளர் அதற்கு விலை கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. சில டி.என்.எஸ். வரிகளுக்கும் மூன்று வாரப் பொறுமைக்கும் அது மலிவான பேரம்.